ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு டப்பாவில் என்ன வைப்பது?

"என் மகள் ஏழாம் வகுப்பு. நாங்கள் தக்கலைப் பக்கம். வெள்ளிக்கிழமை ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே, நாகர்கோவில் மைதானத்தில். 9.30-க்கு 100 மீட்டர், 11.15-க்கு நீளம் தாண்டுதல், 2.30-க்கு ரிலே. போன வருஷம் காலையில் பூரி சாப்பிட்டுவிட்டு, அங்கே குளுக்கோஸும் குடித்து, ரிலேவுக்கு முன்னால் வாந்தி எடுத்துவிட்டாள். இந்த வருஷம் சாப்பிட, குடிக்க என்னவெல்லாம் கொடுத்துவிடலாம்?"

முதலில் அந்த வாந்தியைப் பார்த்துவிடலாம். எண்ணெயில் பொரித்தது வயிற்றை விட்டு இறங்க வெகுநேரம் பிடிக்கும். பதற்றத்தில் இருக்கிற பிள்ளைக்கு இன்னும் நேரமாகும். ஓடும்போது ரத்தம் கால் தசைக்குப் போவதால், குடலுக்குக் கிடைப்பது குறைந்துவிடும். இந்த நிலையில் குளுக்கோஸைக் கெட்டியாகக் கரைத்துக் குடித்தால், அதை நீர்க்கச் செய்ய உடம்பு தன் தண்ணீரையே குடலுக்குள் இழுக்கும். வயிறு பொருமும், குமட்டும். அத்தோடு மதியச் சாப்பாட்டையும் நேரம் தள்ளிச் சாப்பிட்டிருந்தால் வாந்தி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

குளுக்கோஸ் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டே ஸ்டார்டிங் லைனுக்குப் போகிற பிள்ளைகளை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம். அதனால் ஓட்டத்துக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. 100 மீட்டர் என்பது பதினைந்து, பதினாறு விநாடிச் சமாசாரம். அதற்கு வேண்டிய சக்தி தசையில் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பதிலிருந்து வருகிறது. அந்தச் சேமிப்பு முந்தின நாள் ராத்திரியும் அன்று காலையும் சாப்பிட்ட சாப்பாட்டில் உண்டானது. விசில் அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நக்கிய பொடி தசைக்குப் போய்ச் சேருவதற்குள் ஓட்டமே முடிந்திருக்கும். வாய் பிசுபிசுத்து, தாகம் கூடுவதுதான் மிச்சம்.

அதனால் கணக்கை வியாழக்கிழமை ராத்திரியிலேயே தொடங்குங்கள். சோறும் குழம்பும் போதும். மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைக்கிற வீடென்றால் இன்னும் நல்லது. கிழங்கில் தண்ணீர் போக மிச்சம் கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான். காரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து, எட்டு மணிக்குள் சாப்பிட வைத்துவிடுங்கள். கடை புரோட்டாவும் பொரிச்ச கோழியும் அன்றைக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர். ஆறரைக்குள் காலைச் சாப்பாடு. 9.30 ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் இருப்பதால், இதை வயிறு நிறையவே கொடுக்கலாம். இடியாப்பத்தில் கொஞ்சம் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் நான்கு இட்லியும் சாம்பாரும். புட்டும் பழமும் பழக்கமென்றால் அதுவும் சரிதான். ஆனால் தேங்காய்ப்பூவைக் குறைத்துவிடுங்கள், பயறும் கடலைக்கறியும் வேண்டாம். நல்ல சத்துதான், ஆனால் வாயு பிடிக்கும். பூரி, வடை, நெய் ரோஸ்ட் எல்லாம் சனிக்கிழமைக்கு. ஆறரைக்குப் பிள்ளைக்கு வாயில் இறங்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பாதியைச் சாப்பிடட்டும், ஏழரைக்கு வேனில் ஒரு பழம் தின்றுகொள்ளட்டும்.

இனி டப்பா. மணிக்கணக்குப் போட்டு "ஒன்பதுக்கு இது, பத்தரைக்கு அது" என்று எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் போட்ட நேரத்துக்கு நடந்த ஸ்போர்ட்ஸ் டேயை நான் பார்த்ததே இல்லை. மார்ச் பாஸ்ட் நடக்கும், சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், கொடியேற்றம், உறுதிமொழி, புறா பறக்கவிடுவது என்று 9.30 ஓட்டம் 10.15-க்குத்தான் தொடங்கும். அதனால் பிள்ளைக்கு ஒரேயொரு கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள்: "என்னுடைய அடுத்த போட்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாம். ஒரு மணி நேரம் இருந்தால் சின்ன டப்பா. அரை மணிக்கும் குறைவென்றால் இரண்டு மடக்குத் தண்ணீரோடு சரி. பசி தாங்கவில்லை என்றால் ஒரே ஒரு பழம்.

சின்ன டப்பாவுக்கு நம் மாவட்டத்தில் வெளியே எதையும் தேட வேண்டாம், மட்டிப்பழம் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். ஆனால் நான் சொல்வது அதற்காக அல்ல. விரல் அளவுதான், இரண்டு வாயில் முடிந்துவிடும். பச்சைக் குழந்தைக்கே முதல் பழமாக மசித்துக் கொடுக்கிற அளவுக்கு மிருதுவானது. ஒன்றில் சுமார் பத்து கிராம் மாவும் சர்க்கரையுமாக இருக்கும். பதற்றத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பெரிய பழம் முழுசாகக் கொடுத்தால் பாதி கையில் கருத்துப் போய்க் கிடக்கும். மட்டியென்றால் ஒன்று தின்றுவிட்டு அடுத்தது வேண்டுமா என்று யோசிக்கலாம். புதன்கிழமை வாங்கும்போதே லேசாகப் பச்சை ஓடிய சீப்பாகப் பாருங்கள், வெள்ளிக்கிழமைக்குப் பதமாக இருக்கும். பைக்குள் அப்படியே போட்டால் நசுங்கி நோட்டெல்லாம் நாசமாகும். மூடியுள்ள டப்பாவில் நான்கு பழத்தை வையுங்கள்.

ஏத்தன் பழம் நல்லதில்லையா என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் கனமானது. அவித்த ஏத்தன் பழம் ஒன்று ஒரு சிற்றுண்டிக்குச் சமம். இரண்டு மணி நேர இடைவெளி இருக்கும்போது பொருந்தும், ஓட்டத்துக்கு முன்னால் பொருந்தாது.

பழத்தோடு வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை இரண்டும், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நான்கும் வையுங்கள். பொரி உருண்டையில் எண்ணெய் கிடையாது, வயிற்றில் கனக்காது, வெயிலில் உருகாது. கடலை மிட்டாய் பார்க்க அதன் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேலை வேறு. நிலக்கடலையின் கொழுப்பு மெதுவாகத்தான் இறங்கும். அதைப் போட்டியெல்லாம் முடிந்தபின் தின்னலாம். க்ரீம் பிஸ்கட், சாக்லேட், ஏத்தங்காய் சிப்ஸ் எல்லாவற்றுக்கும் அதே கதைதான்.

குடிப்பதற்கு வருவோம். நம் ஊர் வெயிலைத் தெர்மாமீட்டரை வைத்து மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கடல் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் வடிந்துகொண்டே இருக்கும். உடம்போ குளிரவில்லையே என்று இன்னும் வியர்க்கும். 31 டிகிரிதானே என்று நினைக்கிற நாளிலேயே சட்டை பிழிகிற மாதிரி நனைவது இதனால்தான். வியர்வையோடு உப்பும் போகிறது.

இரண்டு பாட்டில் கொடுத்துவிடுங்கள். ஒன்றில் ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீர். இன்னொன்றில் ஒரு லிட்டர் போஞ்சி. நாகர்கோவில் கடையில் விற்கிற தித்திப்புப் போஞ்சி இல்லை, இப்படிக் கலந்தது: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு, தலை தட்டிய டீஸ்பூனால் பத்து ஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு. சர்க்கரை சுமார் 40 கிராம் வரும். இந்த அளவுக்கு வயிறு தடை சொல்லாது, தண்ணீரும் சீக்கிரம் உள்ளே போகும். லிட்டருக்கு 80 கிராமைத் தாண்டினால் வயிற்றிலேயே தங்க ஆரம்பிக்கும். கடைச் சர்பத்தும் பாட்டில் குளிர்பானமும் பெரும்பாலும் அதற்கும் மேலேதான் இருக்கும். நாக்கில் வைத்துப் பார்த்தால் வழக்கமான போஞ்சியைவிட இனிப்புக் குறைவாகத் தெரிய வேண்டும், உப்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். உப்புக் கரித்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, சர்க்கரையும் எலுமிச்சையும் அதற்குத் தக்கபடி சேருங்கள்.

குளிர்ச்சிக்குக் கடை ஐஸ் போடாதீர்கள். அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. முந்தின ராத்திரி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை ஊற்றிப் படுக்கவைத்து ஃப்ரீசரில் உறைய விடுங்கள். மிச்ச அளவைக் காலையில் கலந்து ஊற்றினால் மத்தியானம் வரை சில்லென்று இருக்கும்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? இந்த வயதுப் பிள்ளைக்கு வெயிலில் இருக்கும் நேரமெல்லாம் இருபது நிமிடம், அரை மணிக்கு ஒருமுறை சின்னத் தம்ளர் அளவு, அதாவது 150 மில்லி போதும். ஐந்தாறு நல்ல மடக்கு. முதல் ஓட்டம் வரை வெறும் தண்ணீர், அதற்குப் பிறகு போஞ்சியும் தண்ணீரும் மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்துவிட்டு ஓடினால் வயிறு குலுங்கும், விலாவில் பிடிக்கும். தாகமே இல்லாதபோது லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பெண் பிள்ளைகள் பலர் மைதானத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் கழிப்பறை. அது பூட்டிக் கிடக்கும், இல்லையென்றால் தண்ணீர் வராது, இல்லையென்றால் வாசலில் பையன்கள் நிற்பார்கள். "தாகமே இல்லம்மா" என்று நிறைந்த பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். உங்கள் மகளிடம் இதைப் பச்சையாகவே கேட்டுவிடுங்கள். வியாழக்கிழமையே வகுப்பு ஆசிரியைக்கு ஃபோன் போட்டு, எந்தக் கழிப்பறை, சாவி யாரிடம், யாராவது டீச்சர் கூடப் போவார்களா என்று விசாரித்து வையுங்கள். நான்கு அம்மாக்கள் கேட்டால் ஸ்கூலும் ஏற்பாடு செய்யும். இது சரியாகாமல் எத்தனை பாட்டில் கொடுத்தாலும் வீண். போதுமான அளவு குடிக்கிறாளா என்பதற்கு அடையாளமும் அங்கேதான் இருக்கிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் போதவில்லை. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒருமுறைகூடப் போகவில்லை என்றாலும் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

இளநீர் கொடுக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு. வியர்வைக்கு ஈடாக அதை மட்டும் நம்ப முடியாது, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள்ளலாம். காலையில் வெட்டிப் பாட்டிலில் ஊற்றி அனுப்புவது மட்டும் வேண்டாம், மத்தியானத்துக்குள் புளித்துவிடும். மைதானத்துக்கு வெளியே வெட்டித் தருபவர் இருந்தால் அங்கேயே குடிக்கட்டும். அக்கானியும் அதே மாதிரிதான். அதில் இயல்பாகவே சர்க்கரை கூடுதல், வெயில் ஏற ஏறப் புளிக்கும், போட்டிகளுக்கு நடுவில் வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அட்டைப்பெட்டியில் ஸ்ட்ராவோடு வருகிற பழச்சாறு வேறு சங்கதி. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. அசல் ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்குக்கு ஏற்பட்டது, உப்பு தூக்கலாக இருக்கும். பிள்ளைகள் விரும்பிக் குடிக்க மாட்டார்கள். ஒரு பொட்டலம் பையில் கிடக்கட்டும், தேவைப்பட்டால் மட்டும்.

அடுத்து மதியச் சாப்பாடு. நீளம் தாண்டுதல் எப்படியும் பன்னிரண்டு வரை இழுக்கும். ஒரு முறை தாண்டிவிட்டு அடுத்த முறைக்காக மணல் ஓரமாக வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். ஓடுவதைவிட இந்த உட்கார்தல்தான் பிள்ளையைச் சோர வைக்கும், ஒரு தொப்பியும் துண்டும் கொடுத்துவிடுங்கள். தாண்டி முடித்ததும், பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். 2.30 ரிலேவுக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும். "எல்லாரும் ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவோம்" என்பாள். அப்படியென்றால் பாதிச் சாப்பாடுதான், மீதிப் பசிக்குச் சின்ன டப்பாவில் இருப்பது.

வெயிலில் ஆறு மணி நேரம் கிடக்கப்போகிற சாப்பாடு என்பதை மனதில் வைத்துத்தான் எதைச் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். தேங்காய் அரைத்தது எதுவும் வேண்டாம். அவியல், துவரன், தேங்காய்ச் சட்னி எல்லாம் நம் ஊர்ச் சூட்டுக்குப் பதினோரு மணிக்கே வாடை மாறிவிடும். மீன், முட்டை, கோழி வேண்டாம். என் ஓட்டு எலுமிச்சை சாதத்துக்கு. புளிப்பு இருப்பதால் கொஞ்சம் தாங்கும், எண்ணெயும் இரண்டு ஸ்பூனில் முடித்துவிடலாம். ஒன்றரைக் கப் சாதம் போதும், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, இஞ்சியும் உப்பும் போட்ட நீர்மோர் ஒரு சின்ன பாட்டில்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சோறு அன்று காலையில் வடித்ததாக இருக்கட்டும். ராத்திரிச் சோற்றைத் தாளித்துக் கொடுப்பது மற்ற நாளைக்கே சரியில்லை, அன்றைக்குக் கூடவே கூடாது. அரிசியில் இருக்கிற ஒருவகைக் கிருமியின் வித்து, சோறு கொதிக்கும்போதும் சாகாது. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அடுத்து, சாதத்தைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடாதீர்கள். தட்டில் பரப்பி ஃபேன் காற்றில் கால்மணி நேரம் ஆறவிட்டு அடையுங்கள். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சரியாக ஆறவில்லை. துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் விடுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ, சோறு நூல் விடுவதோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடச் சொல்லுங்கள். வாடை இல்லை என்பதால் மட்டும் நல்ல சோறு என்று சொல்லிவிடவும் முடியாது, அதனால்தான் சீக்கிரம் சாப்பிடச் சொல்கிறேன்.

சாப்பிட்டபின் ரிலே வரை நிழல், போஞ்சி. இரண்டு மணிக்குப் பசித்தால் ஒரு மட்டிப்பழம். ரிலே முடிந்ததும் கட்டுப்பாடு எதுவும் இல்லை. மூன்றாவதாக ஒரு டப்பாவில் கடலை மிட்டாயும் இரண்டு முந்திரிக்கொத்தும் போட்டு, "ரிலேவுக்கு அப்புறம்" என்று எழுதி ஒட்டுங்கள். முந்திரிக்கொத்தில் இருக்கிற சிறுபயறும் வெல்லமும் ஓடிக் களைத்த தசைக்கு வேண்டியதுதான், பொரித்தது என்பதால் கடைசிக்கு வைத்தோம். ஏத்தங்காய் சிப்ஸும் அப்போது தின்னலாம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காலில் குரக்களி, வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, இதில் எது வந்தாலும் போட்டியை விட்டுவிட வேண்டும். நிழலில் படுக்கவைத்து, ஷூவும் சாக்ஸும் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, போஞ்சியை மடக்கு மடக்காகக் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணியில் தெளிந்துவிடும். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் பதில் இல்லாமல் உடம்பு கொதித்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நாகர்கோவில் என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி பக்கம்தான். பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், கூட இருக்கும் பெரியவர்களுக்குத் தெரிந்தால் போதும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருந்தால் இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது, டாக்டர் சொல்படிதான்.

போஞ்சியை வெள்ளிக்கிழமைதான் முதல்முறை குடிக்க வேண்டும் என்றில்லை. இன்று சாயங்காலமே கலந்து, விளையாடிவிட்டு வரும்போது ஒரு தம்ளர் கொடுத்துப் பாருங்கள். உப்பு பிடிக்கவில்லை என்றால் எலுமிச்சையை இன்னும் அரைமூடி கூட்டினால் இறங்கிவிடும். சர்க்கரையைக் கூட்டாதீர்கள்.